மூன்றாவது ஆள் படிக்கும் கடிதம்

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரை ஒட்டி ஓர் இயந்திரத் தொழிற்சாலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் பம்ப் செய்யும் நிறுவனம் ஒன்று அதனிடம் ஒரு சி.என்.சி. லேத்துக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது. இயந்திரம் தயார். கப்பலில் ஏற்றுவதற்கு முன் ஒருமுறை வந்து ஓட்டிப் பார்த்துவிடுங்கள் என்கிறார்கள் அங்குள்ளவர்கள். கோவையிலிருந்து உற்பத்தி மேலாளர் போக வேண்டும். விசாவுக்கு ஓர் அழைப்புக் கடிதம் கேட்டதும் மறுநாளே மின்னஞ்சலில் வந்து நிற்கிறது.

“எங்கள் மதிப்புக்குரிய தொழில் கூட்டாளியான உங்களை, வரும் நவம்பரில் எங்கள் நிறுவனத்துக்கு வருகை தருமாறு அன்புடன் அழைக்கிறோம். தொழில் தொடர்பான பேச்சுவார்த்தைகள் நடைபெறும். உங்கள் பயணத்துக்கு வேண்டிய எல்லா உதவிகளையும் செய்வோம்.”

படிக்க இதமான கடிதம்தான். ஆனால் விசாவுக்கு ஏறக்குறைய எந்தப் பயனும் இல்லாதது. இதை எழுதியவர் மேலாளரை மனத்தில் வைத்து எழுதிவிட்டார். மேலாளருக்கோ இந்தக் கடிதத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுமில்லை. எதற்குப் போகிறோம், எப்போது போகிறோம், அறை வாடகை யார் தருவார்கள் என்பதெல்லாம் தொலைபேசியிலேயே பேசி முடித்தாயிற்று. இதை உண்மையில் படிக்கப்போகிறவர் மூன்றாவது ஆள், ஒரு விசா அதிகாரி. அவருக்கு அழைப்பவரையும் தெரியாது, அழைக்கப்படுபவரையும் தெரியாது. அவர் கையில் இருப்பது ஒரு கோப்பு, அந்தக் கோப்பிடம் கேட்கச் சொல்லிச் சட்டம் கொடுத்திருக்கும் சில கேள்விகள்.

அந்தக் கேள்விகள் இருக்கும் இடம் ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் இயற்றிய விசா விதித்தொகுப்பு. 2010 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இன்று ஷெங்கன் பகுதியில் 29 நாடுகள். லக்ஸம்பர்க்கில் மொசெல் ஆற்றங்கரையில் இருக்கும் ஷெங்கன் என்ற சின்ன ஊருக்கு அருகே, ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் வைத்து 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாடுகள் போட்ட கையெழுத்தில்தான் இது தொடங்கியது. ஒரு நாடு கொடுக்கும் குறுகியகால விசா மற்ற நாடுகளிலும் செல்லும் என்றால், எல்லா நாட்டு அதிகாரிகளும் ஒரே கேள்விகளைக் கேட்டாக வேண்டும். எதற்காக வருகிறீர்கள்? எங்கே தங்குவீர்கள்? செலவுக்கு என்ன வழி? முடிந்ததும் திரும்பிப் போவீர்களா? சுருக்கிச் சொன்னால் இந்த நான்குதான்.

அழைப்புக் கடிதம் இவற்றில் முதல் மூன்றுக்குப் பதில் சொல்ல முடியும். நான்காவதற்கு முடியாது. கோவைக்காரர் ஊர் திரும்புவார் என்று ஸ்டுட்கார்ட்டுக்காரர் எழுதிக்கொடுப்பதில் அர்த்தமில்லை. அதைச் சொல்ல வேண்டியவை மேலாளரின் சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, குடும்பம், இதற்கு முன் போய்த் திரும்பிய பயணங்கள். இருந்தும் பல அழைப்புக் கடிதங்கள் “அவர் கட்டாயம் திரும்பிவிடுவார் என்று உறுதியளிக்கிறோம்” என்ற வரிக்கு ஒரு பத்தியையே கொடுத்துவிட்டு, தேதியைக் குறிப்பிட மறந்துவிடுகின்றன.

அதே கடிதத்தைத் திருத்தி எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும். மூலம் ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ இருக்கும். சாரம் இது:

“கோயம்புத்தூரிலுள்ள (நிறுவனப் பெயர்) உற்பத்தி மேலாளர் (பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண்) அவர்களை எங்கள் ஆலைக்கு அழைக்கிறோம். அவருடைய நிறுவனம் 2026 பிப்ரவரி 17 தேதியிட்ட ஆர்டரின்படி எங்களிடம் ஒரு சி.என்.சி. லேத் வாங்கியுள்ளது. அனுப்புவதற்கு முன் அதைச் சோதித்து ஏற்கவும், இயக்குவதற்குப் பயிற்சி பெறவும் அவர் 2026 நவம்பர் 9 முதல் 13 வரை இங்கே இருப்பது அவசியம். நவம்பர் 8 ஞாயிறு வந்து சேர்ந்து, 14 சனி புறப்படுவார். தங்கும் அறை, உள்ளூர்ப் போக்குவரத்து ஆகிய செலவுகள் எங்களுடையவை. விமானக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, மற்ற அன்றாடச் செலவுகள் அவருடைய நிறுவனத்தினுடையவை.”

இதில் அன்பு குறைந்துவிட்டது போலத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு வரியும் கோப்பிலுள்ள வேறு ஏதோ ஒரு தாளோடு போய்ப் பூட்டிக்கொள்கிறது. எந்த வரி எங்கே பூட்டுகிறது என்று பார்ப்பதில்தான் சுவாரஸ்யம்.

முதலில், யாரும் படிக்காத இடத்திலிருந்து தொடங்கலாம். ஜெர்மன் நிறுவனக் கடிதத்தாளின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு மூன்று வரிகள் இருக்கும். அலங்காரம் என்றுதான் நினைக்கத் தோன்றும். உண்மையில் அது சட்டக் கட்டாயம். ஜெர்மனியில் ஒரு வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம் எழுதும் ஒவ்வொரு வணிகக் கடிதத்திலும் அதன் சட்ட வடிவம், தலைமையிடம், அது பதிவாகியிருக்கும் நீதிமன்றம், பதிவு எண், நிர்வாக இயக்குநர்களின் பெயர்கள் எல்லாம் இருந்தாக வேண்டும். அந்தப் பதிவு எண் ‘எச்.ஆர்.பி.’ என்ற மூன்று எழுத்துகளோடு தொடங்கும். நீதிமன்றத்தின் பெயரையும் அந்த எண்ணையும் எடுத்துக்கொண்டு handelsregister.de என்ற தளத்துக்குப் போனால், அந்த நிறுவனம் உண்மையிலேயே இருக்கிறதா, எப்போது தொடங்கியது, யார் இயக்குநர் என்று சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். 2022 ஆகஸ்டிலிருந்து இதற்குக் கட்டணம் கிடையாது. கடிதம் தன்னைச் சரிபார்க்கும் சாவியைத் தன் காலடியிலேயே வைத்திருக்கிறது.

கையெழுத்திலும் இப்படி ஒரு நுட்பம் உண்டு. நிர்வாக இயக்குநர் போட்டால் பெயர் மட்டும் இருக்கும். ‘புரோகூரா’ எனப்படும் அதிகாரம் பெற்ற அலுவலர் போட்டால், பெயருக்கு முன்னால் அதைக் காட்டும் ஒரு சுருக்கெழுத்து வரும். புரோகூரா என்பது நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடும் பரந்த அதிகாரம். அதை யாருக்குக் கொடுத்தோம் என்பதையும் வணிகப் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும். ஆக, கையெழுத்திட்டவரின் பெயரையும் அதே தளத்தில் தேடலாம். விற்பனைப் பிரிவில் நமக்கு நன்கு பழக்கமான ஒருவர் நட்பு முறையில் கையெழுத்திட்டு அனுப்பும் கடிதத்துக்கு இந்தப் பலம் கிடையாது. கடிதமும் இலவச மின்னஞ்சல் முகவரியிலிருந்து வந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது நோக்கம். “பேச்சுவார்த்தை” என்ற சொல்லின் சிக்கல் என்னவென்றால், அதைக் காணொளியிலும் நடத்தலாம். எதற்காக ஒரு மனிதர் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வர வேண்டும் என்பதற்கு அதில் பதில் இல்லை. “இயந்திரத்தைச் சோதித்து ஏற்க” என்றால் பதில் இருக்கிறது. தொழிற்சாலை ஏற்புச் சோதனை என்று இதைச் சொல்லலாம். வாங்குபவர், விற்பவரின் ஆலைக்கே போய் இயந்திரத்தை ஓட்டிப் பார்ப்பது. கோவையிலிருந்து முன்கூட்டியே அனுப்பிய வார்ப்புத் துண்டுகளை மாட்டி, வரிசையாகப் பல துண்டுகள் கடைந்து, ஒவ்வொன்றையும் அளப்பார்கள். ஒரு துண்டு சரியாக வந்தால் போதாது. ஐம்பதாவது துண்டும், இயந்திரம் சூடேறிய பிறகு வரும் துண்டும் அதே அளவில் வர வேண்டும். ஏதாவது விலகியிருந்தால் சரிசெய்து முதலிலிருந்து ஓட்ட வேண்டும். குறையைக் கோவையில் கண்டுபிடித்தால் பல டன் எடையைத் திருப்பி அனுப்ப முடியாது. ஸ்டுட்கார்ட்டிலேயே கண்டுபிடித்தால் அடுத்த நாளே கழற்றி மாட்டிவிடலாம். இதை விளக்கும் நாள்வாரியான நிகழ்ச்சி நிரல் ஒரு பக்கம் கடிதத்தோடு இணைந்தால், ‘ஏன் ஐந்து நாள்’ என்ற கேள்வி எழவே எழாது.

நோக்கத்தை எழுதும்போது இன்னொரு கோடும் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத கோடு. வணிகப் பயணம் ஒருபக்கம், வேலை மறுபக்கம். ஜெர்மனியின் வேலைவாய்ப்பு ஒழுங்குமுறை, வெளிநாட்டு நிறுவனத்துக்காகப் பேசி ஒப்பந்தம் முடிக்க வருபவரையும், வாங்கிய இயந்திரத்தைப் பார்த்து ஏற்க வருபவரையும், அதை இயக்கக் கற்றுக்கொள்ள வருபவரையும் தனியாகக் குறிப்பிட்டு, குறுகிய காலத்துக்குள் செய்தால் அது வேலை ஆகாது என்று விலக்கு அளிக்கிறது. அதே மேலாளர் ஸ்டுட்கார்ட் ஆலையில் அவர்களுடைய இயந்திரங்களைப் பொருத்துவதற்குக் கைகொடுத்தால் கதை வேறு. “எங்கள் குழுவோடு சேர்ந்து இரண்டு வாரம் பணியாற்றுவார்” என்று மரியாதைக்காக எழுதும் ஒரு வரி போதும், கோப்பு வேறு அலமாரிக்குப் போய்விடும். நல்லெண்ணத்தில் எழுதியதுதான் என்று யாரும் விளக்கம் கேட்கப்போவதில்லை.

தேதிகளுக்கு வருவோம். என் கணிப்பில், இந்தக் கடிதத்திலேயே அதிகச் சூட்சுமம் உள்ள வரி இதுதான்.

சோதனை நவம்பர் 9 முதல் 13 வரை. அதை மட்டும் எழுதி நிறுத்திவிட்டால் இரண்டு நாட்கள் அந்தரத்தில் தொங்கும். நள்ளிரவு தாண்டிச் சென்னையில் விமானம் ஏறுபவர் ஞாயிறு காலை ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்குவார். வெள்ளி மாலைவரை வேலை இருந்தால் சனிக்கிழமைதான் கிளம்ப முடியும். ஷெங்கன் கணக்கில் நுழையும் நாளும் ஒரு நாள், வெளியேறும் நாளும் ஒரு நாள். ஆக, ஐந்து நாள் சோதனைக்கு ஏழு நாள் தங்கல். விமான முன்பதிவு, ஓட்டல் அறை, காப்பீடு மூன்றிலும் 8 முதல் 14 என்று இருந்து, கடிதத்தில் மட்டும் 9 முதல் 13 என்று இருந்தால், பொருந்தாத ஒரே தாள் கடிதமாகிவிடும்.

விசா ஒட்டி வரும்போது இன்னொரு வேடிக்கை காத்திருக்கிறது. விசாவில் ‘முதல்’, ‘வரை’ என்று இரண்டு தேதிகளும், ‘நாட்கள்’ என்று ஒரு கட்டமும் இருக்கும். நம் மேலாளருக்கு நாட்கள் என்ற இடத்தில் 7 என்று இருக்கும். ஆனால் ‘வரை’ என்ற இடத்தில் நவம்பர் 14 இருக்காது. 29 என்று இருக்கும். விதித்தொகுப்பே 15 நாள் சலுகைக் காலத்தைச் சேர்க்கச் சொல்கிறது. விமானம் ரத்தாகலாம், சோதனை ஒரு வாரம் தள்ளிப்போகலாம், அதற்கு இடம் கொடுக்கும் ஏற்பாடு. அந்த இடைவெளிக்குள் எப்போது வேண்டுமானாலும் பயணத்தை நகர்த்தலாம். ஆனால் உள்ளே இருப்பது மொத்தம் ஏழு நாள்தான். 29 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு மூன்று வாரம் தங்கலாம் என்று நினைப்பவர்கள் சட்டத்தை மீறியவர்களாகிவிடுகிறார்கள், அதுவும் செல்லுபடியாகும் விசாவைக் கையில் வைத்துக்கொண்டே.

இதற்கும் அடியில் ஓடுகிறது 90/180 விதி. எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாட்களுக்கு மேல் ஷெங்கன் பகுதியில் இருக்கக் கூடாது. இதை மொபைல் ரீசார்ஜ் போல நினைத்துக்கொள்பவர்கள் நிறைய. பழைய பேக் முடிந்தது, புதிய பேக் தொடங்கியது, கணக்கு சுழியிலிருந்து ஆரம்பம் என்று. இங்கே அப்படிப் புதுப்பிப்பே கிடையாது. இது நகரும் சாளரம். நீங்கள் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும், அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாள் எண்ணி, அதில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்று பார்ப்பது. நாளைக்கு அந்தச் சாளரம் ஒரு நாள் முன்னால் நகர்ந்திருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் அழகு புரியும். பம்ப் நிறுவனத்தின் உரிமையாளரும் அதே வருடம் தனியாக ஒரு பயணம் போவதாக வைத்துக்கொள்வோம். அவருடைய மகள் மியூனிக்கில் இருக்கிறார். மகளின் பிரசவத்துக்காக 2026 பிப்ரவரி 2 முதல் ஏப்ரல் 2 வரை அங்கே இருந்துவிட்டு வந்தார். பிப்ரவரியில் 27 நாள், மார்ச்சில் 31, ஏப்ரலில் 2, மொத்தம் 60. இப்போது ஜெர்மன் விற்பனையாளர்களைச் சந்திக்க ஜூன் 8 முதல் ஜூலை 12 வரை 35 நாள் வரும்படி ஒரு நிறுவனம் அழைப்பு அனுப்புகிறது. அது தொழில், இது குடும்பம், இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று அவர் கேட்கலாம். கணக்குக்கு நோக்கம் தெரியாது, நாள்தான் தெரியும். ஜூலை 12இல் நின்று பின்னோக்கி 180 நாள் எண்ணினால் ஜனவரி 14 வருகிறது. பிப்ரவரி, மார்ச் முழுவதும் அந்தச் சாளரத்துக்குள்தான். 60 உடன் 35 சேர்ந்தால் 95. ஐந்து நாள் அதிகம். ஜூலை 7ஆம் தேதியோடு அவருடைய 90 தீர்ந்துவிடும்.

அதே 35 நாளை ஆகஸ்ட் 1இல் தொடங்கட்டும். அன்றைக்குச் சாளரத்தின் பின் விளிம்பு பிப்ரவரி 3க்கு வந்துவிடுகிறது. பிப்ரவரி 2 வெளியே விழுந்துவிட்டது. மறுநாள் ஒரு புது நாள் சேரும்போது ஒரு பழைய நாள் உதிரும். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. செப்டம்பர் 4 வரை 35 நாளும் தங்கி முடித்தாலும் கணக்கு 60ஐத் தாண்டுவதே இல்லை. ஒரு நாளைக்கூடக் குறைக்கவில்லை, தேதியை மட்டும் தள்ளினோம். அழைப்பவர் கடிதம் எழுதுவதற்கு முன் விருந்தினரின் பழைய பயணத் தேதிகளைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது இதனால்தான். பாஸ்போர்ட் முத்திரைகளை விரல்விட்டு எண்ணிய காலமும் போய்க்கொண்டிருக்கிறது. 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லைகளில் படிப்படியாக வந்திருக்கும் மின்னணு நுழைவு–வெளியேற்றப் பதிவு, இந்தக் கூட்டலைத் தானே போட்டுவிடும்.

தேதியோடு சேர்ந்ததுதான் ஊர் விஷயமும். ஸ்டுட்கார்ட் வரை போகிறோம், ஒருமுறை பாரிஸையும் பார்த்துவிடலாமே என்று மேலாளருக்கு ஆசை வருவது இயல்பு. தவறும் இல்லை. ஆனால் எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதைத் தீர்மானிப்பது பயணத்தின் முதன்மை இடம். தங்கும் கால அளவையோ நோக்கத்தையோ வைத்து அது முடிவாகிறது. ஜெர்மனியில் ஏழு நாளும் பாரிஸில் இரண்டு நாளும் என்றால் சிக்கலில்லை. ஜெர்மனியில் ஏழு, பாரிஸில் பன்னிரண்டு என்றால், லேத் வாங்குவதற்காகத்தான் போகிறாரா என்று அதிகாரி யோசிக்கத்தான் செய்வார். சொந்த நாட்கள் இருந்தால் கடிதத்தை அவற்றுக்கும் சேர்த்து இழுக்காமல், தொழில் தேதிகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மீதி நாட்கள் அவருடைய சொந்தச் செலவு என்று அவரே தன் விளக்கக் கடிதத்தில் சொல்லிவிடலாம்.

இனி பணம். மேலே பார்த்த முதல் கடிதத்தில் இருந்தது “எல்லா உதவிகளையும் செய்வோம்” என்ற வரி. உதவி என்றால் வழி சொல்வதா, வாடகை கொடுப்பதா? விசா கோப்பில் இது பதிலே இல்லாததற்குச் சமம். அதைவிடச் சங்கடமானது இன்னொன்று. ஜெர்மன் நிறுவனம் “எல்லாச் செலவும் எங்களுடையது” என்று எழுதும். கோவை நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு கடிதம் வைக்கும். அதில் “எல்லாச் செலவும் எங்களுடையது” என்று இருக்கும். இருவருமே தாராள மனத்தோடு எழுதியது. ஆனால் ஒரே கட்டணத்தை இருவர் கட்ட முடியாது. இரண்டில் ஒன்று உண்மையில்லை. எது என்று கண்டுபிடிப்பது அதிகாரியின் வேலையும் இல்லை. இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு அனுப்பியிருந்தால் இது நேர்ந்திருக்காது.

திருத்திய கடிதம் செலவைப் பெயர் சொல்லிப் பிரித்தது அதற்காகத்தான். அறை வாடகை ஜெர்மன் நிறுவனத்துடையது என்றால், ஓட்டல் முன்பதிவு அந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கும். விமானக் கட்டணம் கோவை நிறுவனத்துடையது என்றால், அந்த நிறுவனத்தின் வங்கிக் கணக்கு அறிக்கை கோப்பில் இருக்கும். ஒவ்வொரு செலவுக்கும் ஒரு சாட்சி. ஜெர்மனி தன்னிடம் வரும் பயணிக்கு அளவுகோலாக வைத்திருக்கும் தொகை நாளொன்றுக்கு 45 யூரோ. ஏழு நாளைக்கு 315 யூரோ, நம் பணத்தில் முப்பதாயிரம் ரூபாய் அளவுக்கு. பெரிய தொகை ஒன்றும் இல்லை.

அப்படியானால் யார் கட்டுவது என்பதில் இத்தனை கறார் எதற்கு? அந்த நாட்டுக்கு இருக்கும் பயம் ஓட்டல் வாடகையைப் பற்றியது அல்ல. விருந்தாளி மாரடைப்பு வந்து விழுந்தால் மருத்துவமனைக்கு யார் பணம் கட்டுவது? நாடு திரும்ப மறுத்தால் பிடித்து அனுப்பும் செலவு யார் தலையில்? கடிதத்திலுள்ள செலவு வரி நல்ல நாட்களுக்கானது. கெட்ட நாளுக்கு வேறு இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன.

ஒன்று காப்பீடு. குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் அனைத்திலும் செல்லுபடியாக, தங்கும் காலம் முழுவதற்கும் இருக்க வேண்டும். அவசர சிகிச்சையோடு, நோயாளியையோ, நேரக்கூடாதது நேர்ந்தால் உடலையோ ஊருக்குக் கொண்டுவரும் செலவும் அதில் அடக்கம். மேலே சொன்ன 315 யூரோவோடு ஒப்பிட்டால் தொண்ணூறு மடங்குக்கும் மேல். எந்தச் செலவைப் பார்த்துச் சட்டம் பயப்படுகிறது என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிடுகிறது.

இன்னொன்று, பயணியிடமோ அவர் நிறுவனத்திடமோ போதிய பணம் தெரியாதபோது ஜெர்மனி கேட்கக்கூடிய பொறுப்பேற்புப் பத்திரம். இது சாதாரணக் கடிதம் அல்ல. அழைப்பவர் தன் ஊரிலுள்ள வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், தன் வருமானத்தைக் காட்டி, 29 யூரோ கட்டணம் கட்டி, அதிகாரியின் முன்னிலையில் கையெழுத்திடுவது. அதன்பின் விருந்தினரின் வாழ்க்கைச் செலவு, மருத்துவம், தேவைப்பட்டால் நாட்டைவிட்டு அனுப்பும் செலவு என எதை அரசு செலவழித்தாலும் கையெழுத்திட்டவரிடம் வசூலிக்கலாம். அந்தப் பொறுப்பு ஐந்து வருடம் வரை நீளும். அழைப்புக் கடிதத்தில் “செலவு எங்களுடையது” என்று எழுதுபவர் பலருக்கு, அந்த வாக்கியத்துக்கு இப்படி ஒரு கனமான அண்ணன் இருப்பது தெரியாது.

இவ்வளவும் சரியாக இல்லாதபோது என்ன ஆகிறது? விசா மறுப்புக்கும் ஒரே மாதிரியான படிவம்தான் எல்லா நாட்டிலும். காரணங்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும், பொருந்தும் கட்டத்தில் குறியிடுவார்கள். நம் கடிதம் சம்பந்தப்பட்டவை இரண்டு. ஒன்று, பயணத்தின் நோக்கமும் தங்கும் விவரமும் காட்டப்படவில்லை என்பது. மற்றது, காட்டியவை நம்பத்தக்கவையாக இல்லை என்பது. படித்தால் ஒன்றுபோலத் தெரியும். முதலாவது பஞ்சம், இரண்டாவது சந்தேகம். ‘நவம்பரில் வருக’ என்ற மங்கலான கடிதம் முதல் கட்டத்துக்கு இட்டுச்செல்லும். தேதியும் செலவும் ஒன்றுக்கொன்று முரண்படும் கோப்பு இரண்டாவதற்கு. முதலாவதை அடுத்த முறை நல்ல கடிதம் வைத்துத் தீர்க்கலாம். இரண்டாவது ஒட்டிக்கொண்டே வரும், ஏனென்றால் மறுப்பும் அதன் காரணமும் எல்லா ஷெங்கன் நாட்டு அதிகாரிகளும் பார்க்கும் பொதுத் தகவல் அமைப்பில் பதிவாகின்றன. மறுப்பை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று தூதரகத்துக்கே எழுதிக் கேட்கும் வழக்கமும் ஜெர்மனியில் இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது இருப்பது புதிதாக விண்ணப்பிப்பது அல்லது நீதிமன்றம் போவது.

மாறாக, ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்பும் ஒவ்வொரு பயணமும் அதே அமைப்பில் சாதகமாகச் சேர்கிறது. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கென ஒரு தனி ஏற்பாடு கொண்டுவந்தது. மூன்று வருடத்துக்குள் இரண்டு விசாக்களைச் சரியாகப் பயன்படுத்தியவருக்கு இரண்டு வருடத்துக்குப் பலமுறை சென்றுவரும் விசா கிடைக்கலாம். அதையும் சரியாகப் பயன்படுத்தினால் ஐந்து வருடத்துக்கு. லேத் கோவைக்கு வந்தபின் உதிரிபாகம், அடுத்த இயந்திரம் என்று பேச்சு தொடரும் என்பதால், அடுத்து எப்போது ஏன் வர வேண்டியிருக்கும் என்று அழைப்புக் கடிதத்தில் ஒரு வரி சேர்ப்பது புத்திசாலித்தனம்.

எப்போது அனுப்ப வேண்டும் என்பதற்கும் எல்லைகள் உண்டு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக வைத்துக்கொண்டு போகக் கூடாது. முடிவு சொல்ல அதிகாரிக்கு 15 நாள், சந்தேகம் வந்து மேலும் ஆராய்ந்தால் 45 நாள் வரை. அந்த 45ஐ மனத்தில் வைத்தால், நவம்பர் 8 பயணத்துக்குச் செப்டம்பர் நடுவிலேயே கோப்பு உள்ளே போயிருப்பது நிம்மதி. கடிதம் ஆகஸ்டிலேயே கையில் இருக்க வேண்டும்.

விசா கிடைத்ததும் கடிதத்தைக் கோப்பில் போட்டு அலமாரியில் வைத்துவிடுபவர்கள் உண்டு. அதன் வேலை இன்னும் முடியவில்லை. விசா என்பது எல்லைவரை வந்து கேட்பதற்கான அனுமதி. உள்ளே விடுவதா என்பதை எல்லைக் காவலர் மறுபடி தீர்மானிக்கலாம். எதற்கு வந்தீர்கள், எங்கே தங்குகிறீர்கள், செலவுக்கு என்ன இருக்கிறது என்று அதே கேள்விகளை அவரும் கேட்கலாம். ஆகவே ஒரு பிரதி கைப்பையில் இருக்க வேண்டும், சரக்கோடு போகும் பெட்டியில் அல்ல. இன்னொரு சின்ன விஷயம். நம் மேலாளர் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்குவது ஞாயிறு காலை. கடிதத்தில் தொழிற்சாலையின் அலுவலக எண் மட்டும் இருந்தால், காவலர் அழைத்துப் பார்க்கும்போது மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் எடுக்கக்கூடிய ஒருவரின் கைபேசி எண்ணைக் கடிதத்தில் சேர்க்கச் சொல்லி வாங்குங்கள். அந்த ஒருவரிடம் அன்று காலை போனை அணைத்துவைக்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.